இலவச ஆடிட்டில் எதைக் கொடுப்பது

கேள்வி: சிங்கப்பூரில் சின்னக் கடைகளுக்கு வெப்சைட் செய்து தருகிறேன். "இலவச ஆடிட் செய்து தருகிறேன்" என்று மெயில் போட்டும் ஒருவரும் பதில் போடுவதில்லை. ஆடிட்டைச் செய்தே அனுப்பிவிடலாமா, இல்லை ஓசியில் வாங்கிக்கொண்டு போய்விடுவார்களா?

செய்தே அனுப்புங்கள். ஆனால் முழு ஆடிட் வேண்டாம், ஒரே ஒரு பிழை போதும்.

நீங்கள் அனுப்புவது அநேகமாக "உங்கள் சைட்டைப் பார்த்தேன், நிறைய முன்னேற்றம் செய்யலாம், இலவச அறிக்கை வேண்டுமா" என்கிற மாதிரி இருக்கும். அதைப் படிக்கும் கடைக்காரருக்கு மிச்சம் என்ன? பதில் போட வேண்டும், அப்புறம் நீங்கள் போன் பண்ணுவீர்கள், அப்புறம் விலை சொல்வீர்கள், இதெல்லாம் அவருக்குத் தெரியும். அறிக்கையை பிடிஎஃப்பாக இணைத்து அனுப்பினால் இன்னும் மோசம். தெரியாத லிங்கைத் தொடாதே, தெரியாத ஃபைலைத் திறக்காதே என்று லிஃப்ட் பக்கத்தில்கூட போலீஸ் போஸ்டர் ஒட்டியிருக்கும் ஊர் இது. நீங்கள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவருக்கு ஸ்காம் ஆள்தான்.

அதனால் நான் வைத்திருக்கும் ஒரே கணக்கு இதுதான்: நான் அனுப்பிய எதையும் தொடாமல், என்னை நம்பாமல், தன் கைபேசியில் தன் சைட்டைத் திறந்து அவரே அரை நிமிடத்தில் சரிபார்க்கிற பிழையாக அது இருக்க வேண்டும். அதோடு அது அவருக்கு வாடிக்கையாளரை இழக்க வைக்கிற பிழையாகவும் இருக்க வேண்டும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். சிராங்கூன் ரோடு பக்கம் ஒரு கேட்டரிங் கடை. சைட் பார்க்க நன்றாகவே இருந்தது. கீழே பச்சை வாட்ஸ்அப் பட்டன். தொட்டால் வாட்ஸ்அப் திறக்கும், ஆனால் எண் செல்லாது என்று வந்து நின்றுவிடும். லிங்கை அழுத்திப் பிடித்து முகவரியைப் பார்த்தால் காரணம் தெரிந்துவிட்டது. முதல் வரி அவர்கள் போட்டிருந்தது, இரண்டாவது போட வேண்டியது:

```
https://wa.me/91XXXXXX
https://wa.me/6591XXXXXX
```

இந்த லிங்கில் நாட்டு எண் கட்டாயம். கூட்டல் குறி, முன்னால் பூஜ்யம், நடுவில் கோடு எதுவும் இருக்கக் கூடாது. நம்மூர் எண் எட்டு இலக்கம், நாம் யாருக்கும் 65 சேர்த்துச் சொல்வதில்லை, அதே பழக்கத்தில் லிங்கிலும் விட்டுவிடுகிறார்கள். இவருடைய எண் 91-ல் தொடங்கியதால் வாட்ஸ்அப் அதை இந்திய எண்ணாக எடுத்துக்கொண்டு, இலக்கம் போதாமல் விழிக்கிறது. சொந்தக் கடைப் பட்டனை யார் தொட்டுப் பார்க்கிறார்கள்? பழைய வாடிக்கையாளர்கள் நேராகப் போன் செய்துவிடுவார்கள், புதிதாக வந்தவர் பட்டன் வேலை செய்யவில்லை என்று புகார் சொல்ல மாட்டார், அடுத்த கடைக்குப் போய்விடுவார். அதனால் கடைக்காரருக்குத் தெரியவே தெரியாது.

ஐபோன் ஒன்று, ஆண்ட்ராய்ட் ஒன்று, இரண்டிலும் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகு இதைத்தான் அனுப்பினேன்:

"வணக்கம் அண்ணே. உங்கள் வெப்சைட்டின் கீழே உள்ள பச்சை வாட்ஸ்அப் பட்டனை உங்கள் போனில் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். எண் செல்லாது என்று வருகிறது. லிங்கில் எண்ணுக்கு முன்னால் 65 விட்டுப்போயிருக்கிறது. சைட் செய்தவரிடம் சொன்னால் உடனே சரிசெய்துவிடுவார். நான் கடைகளுக்கு வெப்சைட் செய்கிறேன், வேலை தேடிப் பார்த்தபோது கண்ணில் பட்டது."

லிங்க் இல்லை, இணைப்பு இல்லை, விலை இல்லை. என்ன செய்தால் சரியாகும் என்பதையும் மறைக்கவில்லை. "பிழை இருக்கிறது, போன் பண்ணுங்கள் சொல்கிறேன்" என்று பாதியில் நிறுத்தினால் அது மிரட்டல் மாதிரி ஆகிவிடும். சைட் செய்தவரைக் குறை சொல்லவும் இல்லை, ஏனென்றால் பல கடைகளில் செய்தது சொந்தக்காரப் பையனாகத்தான் இருக்கும். இங்கேயும் அவருடைய அக்கா மகன்.

அன்று சாயங்காலமே பதில் வந்தது: "எந்த பட்டன் தம்பி?" அதற்கு அடுத்த செய்தி: "ஆமா, வேலை செய்யல." பையன் சரிசெய்துவிட்டான், எனக்கு ஒரு காசு இல்லை. பிறகு அவரே கேட்டார், "வேற ஏதாவது இருக்கா?" என்று. இலவசம் முடிகிற இடம் இதுதான். "இருக்கு அண்ணே. முழுசா பார்த்து எழுதித் தர 180 வெள்ளி, வேலையையும் என்கிட்ட கொடுத்தா அதுல கழிச்சுக்கலாம்" என்றேன். 150க்கு இழுத்தார், சரி என்றேன். மெனு பக்கத்தையும் ஆர்டர் படிவத்தையும் பிறகு நான்தான் செய்தேன்.

"இலவசமாகக் கொடுத்தால் மதிப்பு போய்விடும்" என்று சொல்ல ஆட்கள் வருவார்கள். நான் கொடுத்தது பத்து நிமிட வேலை. வாரக்கணக்கில் ஓசியில் உழைக்கச் சொல்லவில்லை, மறுபடி ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

எதைக் கொடுக்கக் கூடாது என்பதும் முக்கியம். PageSpeed Insights மதிப்பெண்ணைப் படம் பிடித்து அனுப்பாதீர்கள். கடைக்காரருக்கு 38 என்றால் என்னவென்று தெரியாது, அது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறும் வேறு. அக்கா மகன் ஓட்டிப் பார்த்து 50 வந்தால் நீங்கள் பொய்யர். பாதுகாப்பு ஓட்டை தேடும் வேலைக்கும் போகாதீர்கள். அனுமதியில்லாமல் உள்ளே நுழைந்து பார்ப்பது இங்கே கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டத்தில் குற்றம். பொதுமக்கள் எல்லாரும் பார்க்கும் பக்கத்தில், எல்லாரும் தொடும் பட்டனோடு நின்றுகொள்ளுங்கள். பொய் ஆர்டர் போட்டுச் சோதிப்பதும் வேண்டாம், பாவம், அங்கே ஒருவர் அரிசி ஊறவைத்துவிடுவார்.

ஸ்பேம் சட்டம் பற்றிக் கேட்பீர்கள். ஒரே விஷயத்தை 24 மணி நேரத்தில் 100 பேருக்கு மேல் அனுப்பினால் அது மொத்த மெயில் கணக்கில் வரும், கேட்காமல் அனுப்பும் விளம்பரமாக இருந்தால் தலைப்பில் `<ADV>` போட வேண்டும், இனி வேண்டாம் என்று சொல்ல வழி வைக்க வேண்டும். ஒவ்வொரு கடையாகத் திறந்து பிழை தேடுகிறவனால் ஒரு நாளில் அந்த எண்ணிக்கையைத் தொடவே முடியாது. பிழை கிடைக்காத கடைக்கு நான் எழுதுவதும் இல்லை.

ஏமாற்றுவார்களா என்றால், என் வயிற்றெரிச்சல் ஓசியில் வாங்குகிறவர்கள் மேல் இல்லை. விலை பேசி, வேலை வாங்கி, இன்வாய்ஸ் போன பிறகு இரண்டு மாதம் "அக்கவுண்ட்ஸ்ல இருக்கு" என்று சொல்கிறவர்கள் மேல்தான். பேநவ்வில் ஒரு நிமிட வேலை. அதே ஆள் காப்பிக்கடையில் தே தாரிக்குக் கியூஆர் ஸ்கேன் செய்வதைப் பார்த்திருக்கிறேன். சரி, அது வேறு கதை.

பதிலே போடாமல் பிழையை மட்டும் சரிசெய்துகொள்கிறவர்கள் இருப்பார்கள். ஒரு மாதம் கழித்துச் சைட்டைப் பார்ப்பேன். பட்டன் வேலை செய்தால், "இப்போது சரியாக வருகிறது அண்ணே" என்று ஒரு வரி. சிலர் அதற்குப் பதில் போடுவார்கள், அவர்கள் ஏற்கெனவே ஒரு தடவை என் பேச்சைக் கேட்டவர்கள் என்பதால் பேசுவது சுலபம். அதற்கும் பதில் இல்லையென்றால் மூன்றாவது மெயில் கிடையாது, அடுத்த கடையைத் திறப்பேன்.