லீஸ் மலிவாகத் தெரிவது அந்த 18 சதவீதத்தால்தான்

கேள்வி: சிறிய அச்சகம் நடத்துகிறேன். 10 லட்சத்துக்கு ஓர் அச்சு இயந்திரம் வாங்க வேண்டும். பணம் கையில் இருக்கிறது, வங்கியும் 10 சதவீதத்துக்குக் கடன் தரத் தயார். லீஸ் நிறுவனமோ முன்பணமே வேண்டாம், ஆண்டுக்கு 2.6 லட்சம் வீதம் 5 ஆண்டு, ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் கட்டினால் போதும் என்கிறது. எங்களுக்கு வரி 30 சதவீதம். 18 சதவீதத்தை வைத்துக் கணக்குப் போட்டதில் லீஸ் அரை லட்சம் மலிவாக வந்தது. தொழிலில் பங்குள்ள மைத்துனரும் லீஸே எடு, மீதிப் பணத்தை என் இன்னொரு தொழிலில் போட்டால் 18 சதவீதம் வரும் என்கிறார். முந்தைய இரண்டு இயந்திரங்களும் இப்படி எடுத்தவைதான். ஆனால் ஆண்டுக் கடைசியில் கையில் எதுவும் நிற்பதில்லை. எங்கே தப்பு?

பதில்: உங்கள் கூட்டல் கழித்தல் சரி. அந்த 18-தான் தப்பு. அது இயந்திரத்தின் எண் அல்ல, உங்கள் மைத்துனர் தொழிலின் எண். அவர் தருவதாகச் சொல்லும் லாபத்தை லீஸ் கணக்குக்குள் கொண்டுவந்து, நாளைய பணத்தை இன்றைய மதிப்புக்கு மாற்றும் தள்ளுபடி விகிதமாக உட்கார வைத்திருக்கிறீர்கள். பிறகு எந்த லீஸும் மலிவாகத்தான் தெரியும். விகிதம் ஏற ஏற நாளைக்குக் கட்ட வேண்டிய வாடகை இன்றைய மதிப்பில் சுருங்கிக்கொண்டே போகும், இன்று கொடுக்கும் 10 லட்சம் மட்டும் அப்படியே நிற்கும்.

வாடகை எப்படிப்பட்ட பணம் என்று பாருங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டால் வியாபாரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்டியாக வேண்டும். வங்கித் தவணைக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? லீஸ் என்பது வேறு பெயரில் வரும் கடன். அடுத்த முறை நீங்கள் கடன் கேட்கும்போது அந்த வாடகையையும் கடமையாகக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் எந்த வங்கியும் தொகையை முடிவு செய்யும். ஆக, லீஸ் எடுத்தால் அதே அளவு கடன் வாங்கும் திறனை இழக்கிறீர்கள். அதனால் அதைக் கடனோடுதான் ஒப்பிட வேண்டும், மைத்துனரின் தொழிலோடு அல்ல. கையில் ரொக்கம் இருக்கிறதே என்றாலும் இதே விதிதான்.

உங்கள் கடனின் வட்டி 10. அந்த வட்டி செலவாகக் காட்டப்படுவதால் வரியில் 3 மிச்சம். எனவே உண்மையில் அது உங்களுக்கு 7 சதவீதக் கடன். வாடகை, தேய்மானம் எல்லாவற்றையும் வரி போக எழுதும்போது விகிதமும் வரி போனதாக இருக்க வேண்டும், அதனால் 7. இங்கே பலர் இன்னொரு தப்பும் செய்வார்கள்: வாங்கும் பக்கத்தில் வங்கி வட்டியையும் தனியாக ஒரு செலவாக எழுதிவிடுவார்கள். அது ஏற்கெனவே 7-க்குள் இருக்கிறது, இரண்டு முறை எண்ணக் கூடாது.

சரி, கணக்குக்கு வருவோம். எல்லாம் லட்சத்தில், தோராயமாக. தேய்மானம் 5 ஆண்டுக்குச் சமமாக, அதாவது ஆண்டுக்கு 2 என்று வைத்துக்கொள்கிறேன். வரிச் சலுகையெல்லாம் ஆண்டுக் கடைசியில் வருகிறது. 5 ஆண்டு கழித்து இயந்திரம் 1.5-க்கு விலைபோகும், அப்போது கணக்குப் புத்தகத்தில் அதன் மதிப்பு பூஜ்யம் என்பதால் விற்ற தொகை முழுவதற்கும் வரி, கையில் நிற்பது 1.05. பராமரிப்பு இரண்டு வழியிலும் உங்கள் தலையில்தான் என்பதால் அதை விட்டுவிடலாம். லீஸ்காரர் பராமரிப்பையும் ஏற்கிறார் என்றால் அதன் செலவை, வரி போக, வாங்கும் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கினால் இன்று 10 போகிறது. தேய்மானத்தால் ஆண்டுக்கு 0.6 வரி மிச்சம், 5 ஆண்டுக்கு 7 சதவீதத்தில் அதன் இன்றைய மதிப்பு 2.46. பழைய இயந்திரத்தை விற்று வரும் 1.05-க்கு மட்டும் நான் 7-ஐப் பயன்படுத்த மாட்டேன். வாடகை உறுதியானது, பழைய இயந்திரத்தின் விலை அப்படி அல்ல. புது மாடல் வந்தால் பாதியாகிவிடும். அதனால் அதற்கு 15 சதவீதம் போடுகிறேன், 0.52 வருகிறது. ஆக வாங்குவதன் நிகரச் செலவு 10-லிருந்து 2.46-ம் 0.52-ம் போக 7.02.

லீஸ் எடுத்தால் 2.6 வீதம் ஐந்து வாடகை. முதல் வாடகையே இன்று கட்டுவதால் இன்றைய மதிப்பு 11.41. ஒவ்வொரு வாடகைக்கும் 0.78 வரி மிச்சம், அது 3.20. நிகரச் செலவு 8.21.

வாங்குவதுதான் மலிவு, அதுவும் கிட்டத்தட்ட 1.2 லட்சம். இதே எண்களில் எல்லாவற்றுக்கும் 18 சதவீதம் போட்டால் லீஸ் 7.15, வாங்குவது 7.66 என்று தலைகீழாகும். அதுதான் நீங்கள் பார்த்த அரை லட்சம். இயந்திரம் மாறவில்லை, வாடகை மாறவில்லை, விகிதம் மட்டும்தான் மாறியது.

7 சரியா 18 சரியா என்று மைத்துனரோடு வாதாடப் பிடிக்கவில்லை என்றால் விகிதமே இல்லாமல் இதைப் பார்க்கலாம். எனக்கு இந்த வழிதான் அதிகம் பிடிக்கும். லீஸ் எடுத்தால் வாங்குவதைவிட இன்று எவ்வளவு கையில் தங்குகிறது? 10 அல்ல. முன்பணம் இல்லை என்று சொல்லிக்கொண்டே முதல் நாளே 2.6 வாங்கிவிடுகிறார்களே, அதனால் 7.4-தான். அதற்குப் பதிலாக அடுத்த 4 ஆண்டும் என்ன இழக்கிறீர்கள்? வாடகை 2.6, அதில் வரிமிச்சம் 0.78 போக 1.82, அதோடு வாங்கியிருந்தால் கிடைத்திருக்கும் தேய்மான வரிமிச்சம் 0.6, மொத்தம் 2.42. ஐந்தாம் ஆண்டுக் கடைசியில் வாடகை இல்லை, வரிமிச்சத்தில் 0.18 கூடுதலாக வரும், ஆனால் இயந்திரத்தை விற்று வரக்கூடிய 1.05 போய்விடும், ஆக இழப்பு 0.87. இதை ஒரு கடனாகப் படியுங்கள்: இன்று 7.4 வாங்கி, 4 ஆண்டு 2.42 வீதமும் கடைசியில் 0.87-ம் திருப்பிக் கட்டுகிறீர்கள். விரிதாளில் ஒரே நெடுவரிசையில் இந்த ஆறு எண்களையும் போட்டு ஒரு வரி எழுதினால் வட்டி தெரிந்துவிடும்:

```
A1: 7.4
A2: -2.42
A3: -2.42
A4: -2.42
A5: -2.42
A6: -0.87
A7: =IRR(A1:A6)
```

சுமார் 14.6 சதவீதம் வரும். இது வரி போன வட்டி. வரிக்கு முன் பார்த்தால் ஏறத்தாழ 21 சதவீதக் கடன்! வங்கி 10-க்குத் தரும்போது 21-க்கு வாங்குகிறீர்கள். பழைய இயந்திரம் ஒரு பைசாவுக்குக்கூடப் போகாது என்று வைத்தாலும், அதாவது கடைசி எண்ணை +0.18 என்று மாற்றினாலும், 11 சதவீதம் வருகிறது. அதுவும் உங்கள் 7-ஐத் தாண்டியதுதான்.

இப்போது மைத்துனர் விஷயம். அவர் தொழில் நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது, அதை நான் சொல்லவும் முடியாது. ஆனால் அது தனிக் கேள்வி. உண்மையிலேயே 18 வரும் என்று நம்பினால் இயந்திரத்தைச் சொந்தப் பணத்தில் வாங்கிவிட்டு, வங்கியில் 10-க்குக் கடன் எடுத்து அவரிடம் கொடுங்கள். 21-க்கு லீஸ் எடுத்து 18-க்குக் கொடுப்பதைவிட அது எவ்வளவோ மேல். வங்கிக் கடன் வாங்கி அவரிடம் கொடுக்கவா என்று கை தயங்குகிறதா? லீஸ் எடுத்து அவரிடம் கொடுத்ததும் அதே காரியம்தான், பத்திரத்தில் கடன் என்ற வார்த்தை இல்லாததால் தயங்கவில்லை, அவ்வளவுதான். அவர் சொல்லும் 18 இதுவரை பணமாக உங்கள் கணக்கில் வந்திருக்கிறதா, அல்லது அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அங்கேயே தங்கிவிட்டதா என்பதையும் பாருங்கள். ஆண்டுக் கடைசியில் கையில் எதுவும் நிற்காததற்குப் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

18-ஐப் பயன்படுத்த வேண்டிய இடமும் ஒன்று உண்டு. இந்த இயந்திரம் தேவையா, இதனால் வரும் வேலை லாபம் தருமா என்ற முதல் கேள்விக்கு வியாபாரத்தின் அபாயத்துக்கு ஏற்ற உயர்ந்த விகிதம்தான் வேண்டும், ஏனென்றால் அச்சு ஆர்டர் வருவது வங்கித் தவணை மாதிரி உறுதியானது அல்ல. அதில் தேறிய பிறகுதான் வாங்குவதா லீஸா என்ற கேள்வியே வரும், அங்கே 7. இரண்டையும் ஒரே கணக்கில் கலந்ததுதான் குழப்பம்.

லீஸ் எப்போதுமே மோசம் என்று சொல்லவில்லை. உங்கள் தொழில் நஷ்டத்தில் ஓடி வரியே கட்டாத காலம் என்றால் தேய்மானச் சலுகை உங்களுக்கு உடனே பயன்படாது, வரி கட்டும் லீஸ் நிறுவனத்துக்குப் பயன்படும். அதில் ஒரு பங்கை வாடகையைக் குறைத்து உங்களுக்குத் தந்தால் லீஸ் ஜெயிக்கலாம். ஆனால் அப்போது வட்டியிலும் வரி மிச்சம் இல்லை என்பதால் விகிதம் முழு 10. உங்கள் எண்களில் அப்படியும் வாங்குவதே மலிவாக வருகிறது, வாடகை அவ்வளவு அதிகம். இன்னொன்று, நடுவில் அபராதம் இல்லாமல் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அந்த உரிமைக்கு ஒரு விலை உண்டு. வேகமாகப் பழசாகும் இயந்திரத்துக்கு 1.2 லட்சம் கூடக் கொடுக்கலாம். இப்போதெல்லாம் லீஸையே சந்தா என்று பெயர் மாற்றி விற்கிறார்கள், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று விளம்பரம் வேறு. ஒப்பந்தத்தின் முன்கூட்டி முடிக்கும் பிரிவைப் படித்தால் மீதி வாடகை முழுவதும் கட்ட வேண்டும் என்று இருக்கும். அப்படி இருந்தால் அந்த உரிமை இல்லை, அதற்கு விலையும் கொடுக்காதீர்கள்.

பழைய இரண்டு இயந்திரங்களுக்கும் இதே 7-ஐ வைத்துப் பாருங்கள். இன்னும் கட்ட வேண்டிய வாடகைகளை வரி போக எழுதி இன்றைய மதிப்பைக் கண்டுபிடியுங்கள். பிறகு லீஸ்காரரிடம் எழுத்தில் கேளுங்கள்: இன்றே முடித்து இயந்திரத்தை என் பெயருக்கு மாற்ற மொத்தம் எவ்வளவு? அந்தத் தொகையிலிருந்து, அதனால் கிடைக்கும் வரிச் சலுகையின் இன்றைய மதிப்பையும், கடைசியில் இயந்திரத்தை விற்று வரும் பணத்தின் இன்றைய மதிப்பையும் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள். அது குறைவாக இருந்தால் வங்கிக் கடன் எடுத்து முடித்துவிடுங்கள், இல்லை என்றால் பேசாமல் கட்டிக்கொண்டே போங்கள். ஏற்கெனவே கட்டிய வாடகையை இந்தக் கணக்கில் எங்கும் எழுத வேண்டாம்.