கெஸ்ட் ஹவுஸ்காரர் தன்னை அடையாளம் காணும் வரி

கேள்வி: புதுச்சேரியில் தனியாக ஜிஎஸ்டி, அக்கவுண்ட்ஸ் வேலை எடுத்துச் செய்கிறேன். லிங்க்ட்இன் ஹெட்லைனிலும் அபவுட்டிலும் என்ன எழுதினால் கிளையன்ட் வருவார்கள்?

நானும் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்துகொண்டு இதே வேலைதான் செய்கிறேன். முதல் இரண்டு வருடம் என் ஹெட்லைன் "அக்கவுண்டன்ட் | டேலி | ஜிஎஸ்டி | டிடிஎஸ்" என்று இருந்தது, வந்த மெசேஜ் எல்லாமே "மாதச் சம்பளத்துக்கு வருவீங்களா" என்பதுதான். கேட்டவர்கள் மேல் தப்பில்லை, அது வேலை தேடுபவர் எழுதும் வரி. கெஸ்ட் ஹவுஸ் வைத்திருப்பவர் டேலி தெரிந்த ஆளைத் தேடுவதில்லை, தன் கணக்கைப் பார்த்துக்கொள்ள ஒருவரைத் தேடுகிறார்.

அப்புறம் கையில் இருந்த கிளையன்ட் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் ஒயிட் டவுன் பக்கத்து கெஸ்ட் ஹவுஸ்கள். அதனால் இப்படி மாற்றினேன் (அங்கே ஆங்கிலத்தில்தான் போட்டிருக்கிறேன்):

"கெஸ்ட் ஹவுஸ், சிறு ஹோட்டல்களுக்கு மாதக் கணக்கு, ஜிஎஸ்டி ரிட்டர்ன் | புதுச்சேரி, கடலூர்"

ஹெட்லைனுக்கு 220 எழுத்து வரை இடம் உண்டு, ஆனால் நீங்கள் எங்காவது கமென்ட் போட்டால் பெயருக்குக் கீழே அதன் தொடக்கம் மட்டும்தான் தெரியும், மீதி வெட்டுப்பட்டுவிடும். அதனால் யாருக்கு, என்ன வேலை என்ற இரண்டும் முன்னால் வரவேண்டும்.

அபவுட்டில் 2,600 எழுத்து எழுதலாம். ஆனால் 'மேலும்' என்பதை அழுத்தும்வரை கண்ணில் படுவது முதல் சில வரிகள்தான். அந்த இடத்தை "பத்து வருட அனுபவம், கடின உழைப்பாளி" என்று வீணாக்காதீர்கள், கிளையன்ட்டின் தலைவலியை அவர் சொல்கிற மாதிரியே எழுதுங்கள். என்னுடையது இப்படித் தொடங்குகிறது:

"அறை வாடகை 3,000 ரூபாய். புக்கிங் தளம் கமிஷன் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் பேங்கில் போடுகிறது. பேங்கில் வந்ததை மட்டும் விற்பனையாகக் காட்டினால் கணக்கு குறைந்துவிடும், பின்னால் நோட்டீஸ் வரலாம். முழு வாடகையை வருமானமாகவும் கமிஷனைச் செலவாகவும் மாதாமாதம் சரிபார்த்துத் தருகிறேன்."

இதைப் படித்துவிட்டு ஒரு கெஸ்ட் ஹவுஸ்காரர் போனில் பேசிய முதல் வார்த்தையே, "சார், எனக்கும் அந்தக் கமிஷன் குழப்பம்தான்." யாருக்காக எழுதினேனோ அவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது.

அதற்குக் கீழே என்ன செய்து தருவேன் என்று இரண்டு வரி: GSTR-1, GSTR-3B தாக்கல், மாதக் கணக்கு. இரண்டு ஊரிலும் கிளை இருந்தால் புதுச்சேரிக்கு 34, தமிழ்நாட்டுக்கு 33 என்று தொடங்கும் தனித்தனி ஜிஎஸ்டி எண் வேண்டும், அதையும் பார்த்துக்கொள்வேன் என்று ஒரு வரி. எல்லைக்கு இரண்டு பக்கமும் தொழில் செய்பவர் அந்த வரியில் கட்டாயம் நிற்பார்.

செய்யாததையும் எழுதுங்கள். நீங்கள் சிஏ முடிக்கவில்லை என்றால் 'ஆடிட்டர்' என்று போடவே கூடாது. "ஆடிட் செய்வதில்லை, உங்கள் ஆடிட்டருக்குக் கணக்கைத் தயார் செய்து தருவேன்" என்று வெளிப்படையாக எழுதியபிறகு ஆடிட்டர்களே எனக்கு ஆள் அனுப்புகிறார்கள். கடைசி வரியில் போன் நம்பரும் எந்த நேரத்தில் கூப்பிடலாம் என்பதும்.