நான்கு முறை படித்தும் தேர்வில் ஏன் எழுத வரவில்லை?

உங்கள் மகள் ஒவ்வொரு பாடத்தையும் நான்கு முறை படிக்கிறாள், கேட்டால் "எல்லாம் தெரியும்" என்கிறாள், ஆனால் வினாத்தாளைப் பார்த்ததும் பாதிதான் எழுத வருகிறது என்று சொல்லியிருந்தீர்கள். அவள் பொய் சொல்லவில்லை. நோட்டைத் திறந்தால் உண்மையிலேயே எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கும். தெருவில் அடிக்கடி பார்க்கும் ஒருவரின் முகம் பழக்கமாக இருக்கும், பெயரைக் கேட்டால் வராது இல்லையா, அப்படித்தான் இதுவும். திரும்பத் திரும்பப் படிப்பதால் வருவது முகப் பழக்கம். தேர்வு கேட்பது பெயரை.

2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு குழு ஒரு பகுதியை நான்கு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரே தடவை படித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு தடவை படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்குச் சுமார் 40 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்குச் சுமார் 61. அந்த முதல் ஐந்து நிமிடம்தான் உங்கள் மகளை ஏமாற்றுகிறது. படித்த சூட்டில் எல்லாம் வரும். அதை நம்பி அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறாள்.

சரி, என்ன செய்வது? என்னிடம் வந்த ஒரு பையனை வைத்தே சொல்கிறேன். அவன் நோட்டில் மூன்று நிறங்களில் கோடு போட்டிருந்தான். (கோடு போடுவது கைக்கு வேலை, மூளைக்கு அவ்வளவு இல்லை.) முந்தின நாள் படித்த இதயம் பாடத்தை மூடி வைக்கச் சொல்லி, ரத்தம் போகும் பாதையை வெள்ளைத்தாளில் எழுதச் சொன்னேன். பெருஞ்சிரை, வலது ஆரிக்கிள், வலது வென்ட்ரிக்கிள் வரை மடமடவென்று எழுதினான். அங்கே பேனா நின்றது. கை நோட்டுப் பக்கம் போனது, தடுத்தேன். ஒரு நிமிடம் திணறிவிட்டு "நுரையீரல் சிரை" என்று எழுதினான். அப்புறம் இடது பக்கம் பெருந்தமனி வரை வந்துவிட்டான், ஆனால் வால்வு ஒன்றுகூடத் தாளில் இல்லை.

அதன் பிறகுதான் நோட்டைத் திறக்கவிட்டேன். வேறு நிறப் பேனாவால் "நுரையீரல் தமனி" என்று திருத்தினான், விட்டுப்போன மூவிதழ், ஈரிதழ் வால்வுகளை அவற்றின் இடத்தில் சேர்த்தான். அந்தத் திருத்தங்கள்தான் அவன் படிக்க வேண்டியவை. மற்றதை மறுபடி வாசிக்கத் தேவையே இல்லை. ஒவ்வொரு திருத்தத்தையும் ஒரு கேள்வியாக்கி அட்டையில் எழுதி, விடையை அட்டையின் பின்பக்கம் எழுதச் சொன்னேன். முதலில் அவன் எழுதிய கேள்வி: "நுரையீரல் தமனியில் ஆக்சிஜன் குறைந்த ரத்தமா ஓடுகிறது?" இது ஆமாம் என்று தலையாட்ட வைக்கும் கேள்வி, விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது. அதை இப்படி மாற்றினோம்: "நுரையீரல் தமனியில் ஓடும் ரத்தம் மற்ற தமனிகளில் ஓடுவதிலிருந்து எப்படி வேறுபடுகிறது, ஏன்?"

அட்டைகளை மறுநாள் ஒரு தடவை, மூன்று நாள் கழித்து ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை எடுக்க வேண்டும். தப்பினால் அந்த அட்டை மறுபடி மறுநாளுக்குப் போகும். நாள் கணக்கு ஒன்றிரண்டு மாறினால் பரவாயில்லை, படித்த கையோடு சோதிப்பதைத் தவிர்த்தால் போதும்.

இதில் பெரும்பாலும் கெட்டுப்போவது ஒரே இடத்தில்தான். மனசுக்குள் "ம், தெரியும்" என்று சொல்லிக்கொண்டு அட்டையைத் திருப்பிவிடுவார்கள். விடையைப் பார்த்ததும் "இதைத்தான் நினைத்தேன்" என்று தோன்றும். அதனால் விடையை எழுதிய பிறகே, இல்லை வாய்விட்டுச் சொன்ன பிறகே திருப்ப வேண்டும். இன்னொன்று, எழுதத் தொடங்கும் முன் "பத்துக்கு எத்தனை வரும்" என்று தாளின் மூலையில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். அவள் எட்டு என்று குறித்து நான்கு வந்தால், இன்னும் முகப் பழக்கத்தை நம்பிக்கொண்டிருக்கிறாள். இரண்டு எண்களும் நெருங்கி வந்தால் தன் நிலை அவளுக்கே சரியாகத் தெரிகிறது என்று அர்த்தம்.

எல்லாவற்றுக்கும் இது மருந்து இல்லை. தாளில் ஏறக்குறைய ஒன்றுமே வரவில்லை என்றால் பாடம் இன்னும் புரியவில்லை; முதலில் ஆசிரியரிடம் போகட்டும். கணக்குக்கு அட்டை அவ்வளவாக உதவாது. தீர்த்துக் காட்டிய கணக்கின் விடையை மறைத்துவிட்டு முதல் வரியிலிருந்து போட்டுப் பார்க்க வேண்டும்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களே கேட்கலாம், ஆனால் அவள் திணறும்போது முதல் எழுத்தை எடுத்துக் கொடுக்காதீர்கள். பத்து விநாடி சும்மா இருங்கள். அப்போதும் வரவில்லை என்றால் விடையைப் படித்துக் காட்டிவிட்டு அட்டையை மறுநாள் எடுக்க வேண்டிய அட்டைகளோடு சேர்த்து வையுங்கள்.