வெப்ப இயக்கவியல் பாடம் ஒரே தாளில்: கேள்வி பதில்

பாடத்தில் இருக்கும் வரிசையிலேயே சூத்திரங்களை எழுதிக்கொண்டு போகலாமா?

வேண்டாம். கணக்கு பக்க எண்ணோடு வருவதில்லை. "வெப்பநிலை மாறாமல் விரிகிறது" என்பதுபோல ஒரு நிபந்தனையோடு வருகிறது. அந்த நிபந்தனைதான் தலைப்பு. தாளின் உச்சியில் பொதுவான இரண்டு: PV = nRT, Q = ΔU + W. கீழே நான்கு கட்டங்கள்: பருமன் மாறாதது, அழுத்தம் மாறாதது, வெப்பநிலை மாறாதது, வெப்பப் பரிமாற்றம் இல்லாதது. ஒவ்வொன்றிலும் Q, W, ΔU மூன்றுக்கும் இடம் விடுங்கள். பூச்சியமானால் 0 என்றே எழுதுங்கள். வெற்றாக விட்டால், எழுத மறந்தோமா என்று பிறகு குழம்புவீர்கள்.

அலகெல்லாம் தெரிந்ததுதானே, இடம் வீணாகாதா?

2 மோல் வாயு, 27 °C, வெப்பநிலை மாறாமல் பருமன் இருமடங்காகிறது.

W = nRT ln(V₂/V₁)

T = 300 என்று போட்டால் சுமார் 3458 ஜூல். அவசரத்தில் 27 போட்டால் 311. இரண்டுமே பார்வைக்கு நியாயமான எண்கள், அதுதான் ஆபத்து. T-க்குப் பக்கத்தில் "கெல்வின்" என்றும், R = 8.314-க்குப் பக்கத்தில் "பாஸ்கல், கன மீட்டர்" என்றும் எழுத அரை வரி போதும்.

ΔU = nCᵥΔT என்பதைப் பருமன் மாறாத கட்டத்தில் மட்டும் வைத்திருக்கிறேன். Cᵥ என்றாலே அப்படித்தானே?

பாதி சரி. Q = nCᵥΔT அந்தக் கட்டத்துக்கு மட்டுமே உரியது. ΔU-வுக்கான சூத்திரமோ நல்லியல்பு வாயுவின் எல்லா நிகழ்வுக்கும் பொருந்தும். அதை உச்சிக்கு ஏற்றுங்கள். ஓரணு வாயு 1 மோலை, அழுத்தம் மாறாமல் 100 கெல்வின் சூடேற்றிப் பாருங்கள். Q சுமார் 2079 ஜூல், W 831, கழித்தால் 1248. nCᵥΔT போட்டால் 1247. அந்த ஒன்று, முழு எண்ணாக்கியதில் வந்தது.

என் வேதியியல் புத்தகத்தில் ΔU = Q + W என்றிருக்கிறது. எதை அடிப்பது?

எதையும் அடிக்காதீர்கள். அங்கே W என்பது வாயுவின் மீது செய்யப்படும் வேலை. இங்கே வாயு செய்யும் வேலை. தாளின் மூலையில் "W = வாயு செய்வது" என்று எழுதிவிடுங்கள். இரண்டு பாடத்துக்கும் ஒரே தாள் போதுமா என்பதில் எனக்கு இன்னும் இரண்டு மனம். நான் தனித்தனியாக வைத்திருக்கிறேன். ஒரே தாளில் சமாளிப்பவர்களும் இருக்கிறார்கள்.

வெப்பம் புகாத பெட்டியில் தடுப்பை உடைத்ததும் வாயு வெற்றிடத்துக்குள் விரிகிறது. Q = 0 என்பதால் TVᵞ⁻¹ = மாறிலி போட்டேன். விடை தவறாம், ஏன்?

நானும் சறுக்கிய இடம். என் பழைய தாளில் நிபந்தனை "Q = 0" என்று மட்டும் இருந்தது. "மீள் நிகழ்வு" என்பதும் வேண்டும். இங்கே வாயு தள்ள எதிரே எதுவும் இல்லை; W = 0, ஆகவே ΔU = 0, நல்லியல்பு வாயுவானால் வெப்பநிலை மாறுவதே இல்லை. நான்காம் கட்டத்தில் அந்த ஒரு சொல்லைச் சிவப்பு மையில் சேர்த்துவிடுங்கள்.