ஆறாம் வகுப்புக்குப் போகும் பிள்ளையின் வயிற்று வலி

கேள்வி: "என் மகள் எங்கள் எஸ்டேட் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறாள். ஜூனில் கோத்தகிரியில் பெரிய பள்ளியில் ஆறாம் வகுப்பு சேர வேண்டும். இப்போதே அடிக்கடி வயிற்று வலி என்கிறாள், இரவில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள். நாங்கள் என்ன செய்வது?"

கீழ்க்கோத்தகிரிப் பக்கத்தில், இரண்டு ஆசிரியர்கள் மட்டுமே உள்ள ஒரு தொடக்கப் பள்ளியில் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். ஆண்டுதோறும் மூன்று நான்கு பிள்ளைகளுக்கு மாற்றுச் சான்றிதழ் எழுதிக் கொடுத்து, டவுன் பள்ளிக்கு அனுப்பி வைக்கிறேன். அவர்களில் பலர் ஜூன், ஜூலை மாதங்களில் மாலை பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேராக எங்கள் பள்ளி வாசலில் வந்து நிற்பார்கள். அவர்கள் சொல்லக் கேட்டுத் தெரிந்துகொண்டதையே எழுதுகிறேன்.

இந்தப் பிள்ளைகள் ஐந்து ஆண்டுகள் ஒரே அறையில், ஒரே டீச்சரிடம் இருந்தவர்கள். யாருக்குக் காய்ச்சல், யார் சாப்பிடாமல் வந்திருக்கிறார்கள், யார் வெளியே போக வேண்டும் என்று தவிக்கிறார்கள் என்பதெல்லாம் முகத்தைப் பார்த்தே எங்களுக்குத் தெரிந்துவிடும். அதனால் தன் தேவையை வாய்விட்டுச் சொல்லும் பழக்கமே அவர்களுக்கு ஏற்படுவதில்லை. ஆறாம் வகுப்பிலோ 40 அல்லது 45 நிமிடங்களுக்கு ஒருமுறை வேறோர் ஆசிரியர் வருகிறார். வகுப்பில் 40 பேர் இருக்கும்போது ஒரு பிள்ளையின் முகத்தை அவர் அறிந்துகொள்ளச் சில வாரங்களாவது ஆகும். பெற்றோர் பாடம் கடினமாகிவிடுமே என்று கவலைப்படுகிறார்கள். பிள்ளைகளோ பஸ்ஸை விட்டுவிட்டால் என்ன செய்வது, பாத்ரூம் எங்கே இருக்கும், அதை யாரிடம் கேட்பது, பெரிய வகுப்பு அக்காக்கள் திட்டுவார்களா என்று கவலைப்படுகிறார்கள். உங்கள் மகளுடைய பயம் இவற்றில் எதன்மேல் என்பதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்துப் போன ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். தேயிலை பறிக்கும் தாய்க்கு ஒரே மகள், படிப்பில் கெட்டிக்காரி. பள்ளி திறந்து இரண்டாவது வாரமே காலையில் வயிற்று வலி என்று அழ ஆரம்பித்தாள். யாராவது அடித்தார்களா, மிஸ் திட்டினார்களா என்று வீட்டில் மாற்றி மாற்றிக் கேட்டும் அவள் இல்லை, இல்லை என்றே சொன்னாள். ஒரு நாள் மாலை அவள் தாய் அவளை என்னிடம் அழைத்து வந்தார். பேசிக்கொண்டிருக்கும்போது பையைப் பெஞ்சில் வைத்தாள். அதன் பக்கவாட்டு உறையில் இருந்த தண்ணீர் பாட்டில், காலையில் நிரப்பியபடியே கழுத்து வரை நிறைந்திருந்தது.

"தண்ணியே குடிக்கலையா?" என்று கேட்டேன்.

"குடிச்சா பாத்ரூம் போகணும் டீச்சர்" என்றாள்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. இடைவேளையில் பெரிய பெண்கள் நெருக்கியடித்து நிற்பார்கள். பாட வேளையில் கேட்கலாமென்றால் எந்த மிஸ்ஸிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. காலை ஏழரை மணிக்கு வீட்டில் கழிப்பறைக்குப் போனவள், மாலை ஐந்து மணிக்குத் திரும்பும் வரை அடக்கி வைத்திருந்தாள். நம் மலையின் குளிரில் தாகம் தெரியாது, ஆனால் சிறுநீர் அதிகமாகப் பிரியும். தண்ணீரும் குடிக்காமல், மலத்தையும் அடக்கிக்கொண்டிருந்தால் ஒரு வாரத்திலேயே மலம் இறுகி, உண்மையாகவே வயிறு வலிக்கும். அந்த வலியைப் பயத்தால் வருகிற வலி என்றோ நடிப்பு என்றோ எடுத்துக்கொண்டு, நாம் அறிவுரை சொல்லிக்கொண்டிருப்போம்.

ஆகவே பள்ளி திறந்ததும் தினமும் மாலையில் நீங்கள் பார்க்க வேண்டிய முதல் பொருள் தண்ணீர் பாட்டில். பாட்டில் நிறைந்தே வருகிறதா, சிறுநீர் அடர்ந்த மஞ்சளாகப் போகிறதா, எரிகிறது என்கிறாளா, மலம் கழிப்பது வாரத்தில் மூன்று முறைக்கும் குறைந்துவிட்டதா என்று கவனியுங்கள். அந்தப் பெண்ணின் தாய் மறுநாளே பள்ளிக்குப் போய் வகுப்பாசிரியரைத் தனியாகப் பார்த்தார். இடைவேளை மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பு அவளும் இன்னொரு பெண்ணும் சேர்ந்து போய்வரலாம், ஒருத்தி கதவைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று அந்த ஆசிரியர் உடனே ஏற்பாடு செய்தார். "மிஸ், பாத்ரூம் போய்ட்டு வரேன்" என்ற ஒரே வாக்கியத்தை என் முன்னால் அவள் பத்து முறை சத்தமாகச் சொல்லிப் பழகினாள். காலையுணவுக்குப் பின் பத்து நிமிடம் வீட்டுக் கழிப்பறையில் அமரும் பழக்கத்தையும் தாய் ஏற்படுத்தினார். மூன்று வாரங்களில் வயிற்று வலி நின்றுவிட்டது. பத்து, பதினொரு வயதில் பூப்பெய்தும் பெண்களும் உண்டு என்பதால், மாற்றுத் துணியோ நாப்கினோ பையில் ஓர் உறையில் இருப்பதையும், தேவைப்பட்டால் எந்த ஆசிரியையிடம் போக வேண்டும் என்பதையும் ஜூனுக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

வயிற்றைப் புரட்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2022 செப்டம்பரில் தொடங்கி 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்ட காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைக்கானது. எங்கள் பள்ளிக்கு வந்து சுடச்சுட உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டுப் பழகிய பிள்ளை, ஆறாம் வகுப்பில் வெறும் வயிற்றோடு அல்லது வெறும் டீயோடு பஸ் ஏறுகிறது. வளைவுக்கு வளைவு குமட்டுகிறது. ஒரு முறை பஸ்ஸில் வாந்தி எடுத்துவிட்டால், மறுநாள் பஸ்ஸைப் பார்த்தாலே பயம். இதைப் பிரித்தறிவது எளிது. பஸ்ஸில் தொடங்கி, இறங்கிய அரைமணிக்குள் அடங்கிவிட்டால் அது பயணக் குமட்டல். ஞாயிற்றுக்கிழமை மாலையே வீட்டில் தொடங்கி, பள்ளி விடுமுறை என்று தெரிந்ததும் மறைந்துவிட்டால் அது மனக்கலக்கம். குமட்டலுக்கு, கிளம்ப முக்கால் மணி நேரம் முன்பே இரண்டு இட்லி அளவுக்கு எண்ணெயில்லாத உணவு கொடுங்கள். பஸ்ஸின் முன்பகுதியில் அமர்ந்து தூரத்துச் சாலையைப் பார்த்தபடி வரச் சொல்லுங்கள். பஸ்ஸில் வீட்டுப்பாடம் எழுதவே கூடாது.

இனி மே மாதத்தில் செய்ய வேண்டியவை. "ஒண்ணும் ஆகாது, பயப்படாதே" என்று திரும்பத் திரும்பச் சொல்வதை நிறுத்துங்கள். அது அந்த நொடிக்கு ஆறுதல் தரும், அடுத்த நொடியே பிள்ளை மறுபடி அதையே கேட்கும். நாளடைவில் நீங்கள் சொன்னால்தான் நிம்மதி என்றாகிவிடும். பஸ் போய்விட்டால் என்ன செய்வது என்று அவள் கேட்டால், "நீயே சொல்லு, போயிட்டா என்ன செய்யலாம்?" என்று திருப்பிக் கேட்டு, அவள் வாயாலேயே விடை வரும்வரை காத்திருங்கள். பஸ் ஸ்டாண்டில் உங்களுக்குத் தெரிந்த ஒரு கடையை அவளுக்குக் காட்டி, கடைக்காரரிடமும் சொல்லி வையுங்கள். உங்கள் கைபேசி எண் நோட்டில் இருந்தால் மட்டும் போதாது, மனப்பாடமாகத் தெரிய வேண்டும். கோத்தகிரிப் பக்கம் பெருமழை அக்டோபர், நவம்பரில்தான். மரம் விழுந்தோ மண் சரிந்தோ சாலை அடைபடும் நாளில், டவுனில் எந்த உறவினர் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். இந்த ஏற்பாடு கையில் இருந்தாலே பிள்ளையின் பயம் பாதியாகக் குறைவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பிறகு பஸ்ஸில் மூன்று முறை போய்வாருங்கள். முதல் முறை நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். இரண்டாம் முறை நான்கு இருக்கை தள்ளி உட்கார்ந்து, எங்கே இறங்குவது என்பதை அவள் முடிவு செய்யட்டும். மூன்றாம் முறை அவள் ஒரு தோழியோடு முன்னால் போகட்டும், நீங்கள் பின்னால் இருங்கள். சேர்க்கைக்காகப் பள்ளி அலுவலகத்துக்குப் போகும் நாளில் அவளையும் அழைத்துப் போய், வகுப்பறை, குடிநீர்க் குழாய், கழிப்பறை, சத்துணவுக்கூடம் ஆகிய நான்கையும் கேட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். புதிய பஸ் பாஸ் கைக்கு வரச் சில வாரங்கள் ஆகும். அதுவரை சீருடையிலேயே அரசுப் பேருந்தில் போகலாம் என்று ஆண்டுதோறும் அறிவிப்பு வரும். அதை அவளுக்குச் சொல்லி வைத்தால், நடத்துநர் கேட்கும்போது திகைக்க மாட்டாள்.

உங்கள் பள்ளியிலிருந்து அதே ஊருக்குப் போகும் இன்னொரு பிள்ளை இருந்தால், இருவரையும் ஒரே பிரிவில் போடும்படி தலைமையாசிரியரிடம் சேர்க்கையின்போதே கேளுங்கள். பிரிவுகள் பிரித்த பிறகு மாற்றுவது கடினம். வீட்டில் படுகர் மொழி பேசும் பிள்ளைகளுக்கும், எங்கள் பள்ளியில் அவர்களோடு அந்த மொழியிலேயே பேசிப் பழகியவர்களுக்கும் இது இன்னும் முக்கியம்; பதில் தெரிந்திருந்தும், தமிழில் தடுமாறினால் சிரிப்பார்களோ என்று வாய் திறக்காத பிள்ளைகளை நான் அறிவேன்.

அழுகிறாளே என்று ஒரு நாள் வீட்டில் நிறுத்தத் தோன்றும். காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு இல்லையென்றால் நிறுத்தாதீர்கள். அன்று காலை கிடைக்கும் நிம்மதியே மறுநாள் அழுகையை இரட்டிப்பாக்கும். மூன்று நாள் நின்ற பிள்ளையைத் திரும்ப அனுப்ப நாங்கள் மூன்று வாரம் பாடுபட்டிருக்கிறோம். முழு நாள் முடியாதென்றால், வகுப்பாசிரியரிடம் பேசி மதியம் வரையாவது இருக்கச் செய்து, ஒவ்வொரு நாளும் ஒரு பாட வேளையைக் கூட்டுங்கள்.

பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காலாண்டுத் தேர்வுக்குள் இது அடங்கிவிடுகிறது. ஆனால் நான்கு வாரங்களுக்குப் பிறகும் இரவில் தூக்கமில்லை என்றாலோ, எந்த வாரமானாலும் எடை குறைகிறது, விடுமுறை நாளிலும் வலி இருக்கிறது, வலியால் தூக்கத்திலிருந்து விழிக்கிறாள், மலத்தில் ரத்தம் தெரிகிறது என்றாலோ, அரசு மருத்துவமனையில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் மகள் இப்போதே இரவில் எழுந்து உட்காருகிறாள் என்கிறீர்கள். அவளை எழுப்புவது வலியா, நினைப்பா என்று பகல் வேளையில், கேரட் நறுக்கும்போதோ துணி மடிக்கும்போதோ, முகத்துக்கு நேராகப் பார்க்காமல் மெதுவாகக் கேளுங்கள். வலிதான் என்றால் ஜூன் வரை காத்திருக்க வேண்டாம். யாராவது மிரட்டுகிறார்கள் அல்லது தொடுகிறார்கள் என்று சொன்னால், மேற்சொன்ன எதையும் செய்துகொண்டிருக்காமல் அன்றே தலைமையாசிரியரைப் பாருங்கள்; பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணிலும், குழந்தைகளுக்கான 1098 எண்ணிலும் நீங்களும் பேசலாம், அவளே நேரடியாகவும் பேசலாம்.