ஏழு படமும் பார்க்க வேண்டாம்

*அன்புள்ள ஐயா,*

*நான் உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு மருத்துவமனையில் தாதி. கைதி இரண்டாம் பாகம் எப்போது வந்தாலும் முதல் நாளே போவது என்று எங்கள் வார்டில் ஆறு பேர் முடிவு செய்து, என்னையும் கேட்காமல் சேர்த்துவிட்டார்கள். நான் இந்த வரிசையில் ஒரு படம்கூடப் பார்த்ததில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வந்தது: மாநகரம், கைதி, மாஸ்டர், பழைய விக்ரம், புதிய விக்ரம், லியோ, கூலி. ஷிஃப்ட் வேலையில் ஏழு படத்துக்கு எங்கே போவது? எது கட்டாயம், எதை விடலாம்? யூடியூபில் கதைச்சுருக்கம் பார்த்தால் போதாதா? 14 வயது மகனும் வருகிறேன் என்கிறான்.*

*ச., சிங்கப்பூர்*

அன்புள்ள ச.,

அந்தப் பட்டியலைப் போட்டவர் இயக்குநரின் பெயரைப் பார்த்துப் போட்டிருக்கிறார். பலரும் தடுமாறுவது இங்கேதான். லோகேஷ் கனகராஜ் எடுத்த எல்லாப் படமும் ஒரே உலகத்தில் நடப்பவை அல்ல. மாநகரம், மாஸ்டர், கூலி மூன்றும் தனித்தனிக் கதைகள். கைதியில் வரும் யாரும் அங்கே வருவதில்லை, அங்கே நடந்த எதுவும் கைதியைத் தொடுவதில்லை. அதே சமயம் ராகவா லாரன்ஸ் நடிக்கும் பென்ஸ் படத்தைப் பாருங்கள். கதை லோகேஷுடையது, இயக்குவது பாக்யராஜ் கண்ணன். ஆனாலும் அது இந்த உலகத்துக்குள் வருவதாகத்தான் அறிவித்திருக்கிறார்கள். அதனால் இயக்குநர் பெயர் இரண்டு பக்கமும் ஏமாற்றும். ஒரே உலகம் என்றால் ஒரு படத்தில் நடந்தது அடுத்த படத்திலும் நடந்ததாக இருக்க வேண்டும். ஒரு படத்தில் செத்தவன் அடுத்ததிலும் செத்தவனாகவே இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் உங்கள் பட்டியலில் மிஞ்சுவது கைதி (2019), விக்ரம் (2022), லியோ (2023). பழைய விக்ரம் 1986இல் வந்தது. புதிய படம் அதிலிருந்து பெயரையும், கமல் ஒரு காலத்தில் ரகசிய ஏஜென்ட்டாக இருந்தவர் என்பதையும் எடுத்துக்கொள்கிறது. அதைப் புதிய படமே சொல்லிவிடுவதால், பழையதை ஆசைக்குப் பார்க்கலாம், தேவைக்கு வேண்டாம்.

மிஞ்சிய மூன்றையும் உட்கார்ந்து பார்த்தால் ஏறத்தாழ எட்டு மணி நேரம். மூன்றும் ஒரே அளவு முக்கியமா என்றால், இல்லை. புதிய படம் பழைய படத்திடமிருந்து எதை வாங்கிக்கொள்கிறது என்று பார்த்தால் இது தெரிந்துவிடும். சில நேரம் தெரிந்த முகத்தை மட்டும் வாங்கிக்கொள்கிறது. சில நேரம் ஒரு ஆளின் கோபத்துக்கான காரணத்தையே வாங்கிக்கொள்கிறது. முகம் தெரியாவிட்டால் ஒரு கைதட்டலைத்தான் இழப்போம். காரணம் தெரியாவிட்டால் படமே கையை விட்டுப் போய்விடும்.

லியோவை எடுத்துக்கொள்ளுங்கள். இமாச்சலத்தில் காபிக் கடை நடத்தும் பார்த்திபன் உண்மையில் யார் என்பதுதான் முழுக்கதையும். அந்தக் கேள்வி அந்தப் படத்திலேயே தொடங்கி அங்கேயே முடிகிறது. நடுவில் நெப்போலியன் என்ற கான்ஸ்டபிள் பார்த்திபன் குடும்பத்துக்குக் காவலாக வருவார். நான் பார்த்த காட்சியில் அவர் முகம் திரையில் தெரிந்ததுமே அரங்கமே கத்தியது. என் பக்கத்து இருக்கையில் நண்பரின் அம்மா. "யாருப்பா இவரு, பெரிய நடிகரா?" என்று கேட்டார். "கைதியில் வந்த போலீஸ்காரர்ம்மா" என்றேன். "ஓ, சரி" என்று திரும்பிப் படத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அதற்கப்புறம் அவருக்கு ஒரு இடத்திலும் கதை புரியாமல் போகவில்லை. கடைசியில் தொலைபேசியில் வரும் குரலும் அப்படித்தான். தெரிந்தவர்களுக்குச் சிலிர்ப்பு, தெரியாதவர்களுக்கு ஒரு அழைப்பு, அவ்வளவுதான்.

ஆனால் கைதி பார்த்தவர்கள் ஏன் அப்படிக் கத்தினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தப் படம் முழுவதும் ஒரே ராத்திரி. போலீஸ் பிடித்த சுமார் 900 கிலோ கொக்கைன் திருச்சி கமிஷனர் அலுவலகத்தின் அடியில் மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது. அதை மீட்கக் கடத்தல்காரன் அன்புவின் ஆட்கள் வருகிறார்கள். உள்ளே இருப்பது நெப்போலியனும் சில கல்லூரி மாணவர்களும்தான். அன்றைக்குத்தான் அந்த ஊருக்கு மாற்றலாகி வந்த, யாரும் பெரிதாக மதிக்காத ஒரு வயதான கான்ஸ்டபிள், கதவைச் சாத்திவிட்டு விடியும்வரை நிற்கிறார். இன்னொரு பக்கம், பத்து வருடம் சிறையில் இருந்துவிட்டு வெளியே வந்த டில்லி, மயங்கிக் கிடக்கும் அதிகாரிகளை லாரியில் போட்டுக்கொண்டு ஓட்டுகிறான். அவன் வைத்திருப்பது மகளுக்கு வாங்கிய ஒரு ஜோடிக் கம்மல். அந்த மகளை அவன் இன்னும் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

சுருக்கம் போதுமா என்று கேட்டீர்கள். "நெப்போலியன், கமிஷனர் அலுவலகத்தைக் காத்த கான்ஸ்டபிள்" என்று சுருக்கத்தில் ஒரு வரி வரும். தகவல் சரிதான். ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் அவரோடு இரண்டு மணி நேரம் நாமும் நின்றால்தான் லியோவில் அவரைப் பார்த்ததும் கத்தத் தோன்றும். அதனால் லியோவுக்குச் சுருக்கம் போதும், கைதிக்குப் போதாது என்று உறுதியாகச் சொல்வேன்.

விக்ரம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. படத்தின் முக்கால் பங்கு தன் காலில் தானே நிற்கும். முகமூடிக்காரர்கள் ஏன் கொல்கிறார்கள், கர்ணன் என்பவர் யார் என்று விசாரணைக்கு வரும் அமர் தேடுவது, போதைப்பொருள் வியாபாரி சந்தானம் தன் சரக்கைத் தேடுவது எல்லாம் புதுக்கதை. கைதியில் வந்த பிஜாய் இங்கேயும் வருகிறார், அவர் ஒரு போலீஸ் அதிகாரி என்று தெரிந்தால் போதும். சிக்கல் கடைசிக் காட்சியில்தான். சூர்யா நடிக்கும் ரோலக்ஸ் என்ற போதைப்பொருள் முதலாளி முன்னால் கூட்டம் கூடியிருக்கிறது. அங்கே கைதியில் வந்த கும்பல் தலைவன் அடைக்கலமும் அவன் தம்பி அன்புவும் எழுந்து, திருச்சியில் தங்கள் சரக்கு போன கதையைச் சொல்கிறார்கள். டில்லி என்ற பெயர் விழுகிறது. கைதி பார்க்காத ஒருவருக்கு இது சூர்யா வரும் காட்சி. பார்த்தவருக்கோ, இரண்டு படத்தின் எதிரிகளும் ஒரே முதலாளிக்கு வேலை செய்தவர்கள் என்று தெரியவரும் இடம். அன்று ராத்திரி டில்லி தடுத்தது யாருடைய வியாபாரத்தை என்பது அங்கேதான் புரிகிறது. விக்ரம் வெளியாவதற்கு முந்தைய நாள் லோகேஷே, கைதியை மறுபடி ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். அன்று அதை விளம்பரம் என்று நினைத்தேன். கடைசிக் காட்சி வந்ததும்தான் காரணம் விளங்கியது.

இன்னொன்று. விக்ரமுக்கு மட்டும் தப்பித்தவறியும் முன்கூட்டியே சுருக்கம் பார்க்காதீர்கள். அதன் முதல் பாதி முழுவதும் கர்ணன் யார் என்ற ஒரே ரகசியத்தில் நிற்கிறது. சுருக்கக் காணொளிகள் அதை முதல் நிமிடத்திலேயே போட்டு உடைத்துவிடும்.

காரணம் தெரியாமல் படம் கையை விட்டுப் போவதற்கு நல்ல உதாரணம் மார்வெலில் இருக்கிறது, உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்கும். 2022இல் வந்த இரண்டாவது டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் படத்தில் வாண்டா தன் இரண்டு பிள்ளைகளுக்காக யாரையும் அழிக்கத் துணிகிறாள். அந்தப் பிள்ளைகள் உருவானதும் அவள் அவர்களை இழந்ததும் எந்தப் படத்திலும் இல்லை, 2021இல் வந்த வாண்டாவிஷன் தொடரில் இருக்கிறது. திரைப்படங்களை மட்டும் ஒழுங்காகப் பார்த்து வந்தவர்களுக்கு, நேற்றுவரை நல்லவளாக இருந்தவள் ஏன் திடீரென்று இப்படி ஆனாள் என்று பிடிபடவில்லை. தமிழில் இதுவரை அந்த நிலை வரவில்லை. படங்களும் மூன்றுதான்.

இப்போது உங்கள் படத்துக்கு வருகிறேன். கைதி இரண்டாம் பாகம், பெயரே சொல்வதுபோல், நேரடித் தொடர்ச்சி. டில்லி சிறைக்குப் போகும் முன் எப்படிப்பட்ட வாழ்க்கை வாழ்ந்தான் என்பதை முதல் படம் கொஞ்சம்தான் காட்டியது, மீதியை வைத்துக்கொண்டது. இரண்டாம் பாகம் கை வைக்கப்போவது அங்கேதான் இருக்கும் என்பது என் ஊகம். அதனால் கைதி கட்டாயம், முழுதாக. இரண்டே கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. பாட்டே கிடையாது, எனவே ஓட்டிவிட்டுப் பார்க்க இடமும் இல்லை. இரவு ஷிஃப்ட் முடிந்து வந்த காலையில் ஆரம்பிக்காதீர்கள், ஆஃப் நாளுக்கு முந்தைய இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். படம் முழுக்க இருட்டில் நடப்பது, பகல் வெளிச்சத்தில் கைப்பேசியில் பார்த்தால் பாதி தெரியாது.

அதற்கப்புறம் நேரம் கிடைத்தால் விக்ரம், வேறொரு நாளில். கிடைக்கவே இல்லையென்றால் அந்தக் கடைசிக் காட்சியை மட்டும் பார்த்துவிட்டுப் போங்கள். ரகசியம் கொஞ்சம் கெடும், ஆனால் எதிரி யார் என்று தெரியாமல் அரங்கில் உட்காருவதைவிட அது மேல். கைதியைப் பார்த்த பிறகு பாருங்கள், முன்னால் பார்த்தால் வெறும் கூட்டமாகத்தான் தெரியும். லியோவைப் புதிய படத்துக்குப் பிறகுகூடப் பார்க்கலாம், எதுவும் குறையாது.

நாளைக்கு ரோலக்ஸ் பற்றித் தனிக் கிளைக்கதை ஒன்று வந்தால் கணக்கு மாறும். கிளைக்கதைக்கு, அந்தக் கிளை எந்த இடத்தில் முளைத்ததோ அந்தப் படம் வேண்டும். ரோலக்ஸ் முளைத்தது விக்ரமில், அதுவும் சில நிமிடங்கள்தான். அப்போது விக்ரம் முதல் இடத்துக்கு வந்துவிடும். பென்ஸ் அப்படியில்லை, இதுவரை வந்த படங்களில் நாம் பார்க்காத ஒரு ஆளை மையமாக வைத்தது. அதனால் எதையும் பார்க்காமலே போகலாம் என்று நினைக்கிறேன்.

மகன் விஷயம். டிக்கெட் எடுக்கும் முன் தரநிர்ணயத்தைப் பாருங்கள். என்சி16 என்று வந்துவிட்டால் அவனை உள்ளே விட மாட்டார்கள், நீங்கள் கூடவே இருந்தாலும்தான். முதல் பாகத்தில் வெட்டும் குத்தும் நிறைய, அதனால் அப்படி வர வாய்ப்பு அதிகம். சிநேகிதிகளிடம் இதை முன்பே சொல்லிவையுங்கள். ஏழு டிக்கெட் எடுப்பதா எட்டு எடுப்பதா என்பது அன்றைக்குத்தான் தெரியும்.