விரலைப் பிசையும் பிள்ளை

கேள்வி: என் மூத்த மகனுக்கு 11 வயது, இளையவனுக்கு 8. மூத்தவன் ஒரு வருடம் போட்ட கறுப்புத் தோல் பள்ளி ஷூ, சைஸ் 3, மேலே பார்த்தால் புதிது போலவே இருக்கிறது. சின்னவனுக்கு சைஸ் 1 போதும். ஆனால் வளரும் பிள்ளைதானே என்று முனையில் பஞ்சு வைத்து ஜூன் மாதத்திலிருந்து அதையே போட்டு அனுப்புகிறேன். பள்ளி விட்டு வந்ததும் வாசற்படியிலேயே ஷூவை உதறிவிட்டுக் கால்விரல்களைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பான். கேட்டால் ஒன்றுமில்லை என்பான். ஒருவர் செருப்பை இன்னொருவர் போட்டால் தரித்திரம் என்று மாமியார் தினமும் புலம்புகிறார். எனக்குக் கிருமியைப் பற்றித்தான் கவலை. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, மொட்டை மாடி வெயிலில் இரண்டு நாள் காயவைத்தேன். இது போதுமா, வேறு மருந்து ஏதாவது தெளிக்க வேண்டுமா?

– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: கிருமிக்கு வருகிறேன். அதற்கு முன் அந்த வாசற்படிக்கு வாருங்கள். எட்டு வயதுப் பையன் பள்ளி விட்டு வந்தால் பசிக்கிறது என்று கத்த வேண்டும், பையை வீசிவிட்டுத் தெருவுக்கு ஓட வேண்டும். உங்கள் பிள்ளை உட்கார்ந்து விரலைப் பிசைகிறான். ஜூன் மாதத்திலிருந்து நீங்கள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அவன் ஒன்றுமில்லை என்றதும் நம்பிவிட்டீர்கள். நம்புவது உங்களுக்கு வசதியாக இருந்தது. அண்ணன் பொருள் தனக்கு வரும், அதைக் குறை சொன்னால் அம்மா முகம் வாடும் என்று எந்த வீட்டு இளைய பிள்ளைக்கும் தெரியும். நாங்கள் ஐந்து பேர் பிறந்த வீடு. நான்காவதாகப் பிறந்த நானும் பல முறை ஒன்றுமில்லை என்று சொன்னவள். என் இரண்டு கால் சுண்டுவிரல்களும் இன்றுவரை உள்பக்கம் மடிந்தே இருக்கின்றன.

அவன் விரல் ஏன் வலிக்கிறது என்பதற்கு விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. சைஸ் 3, சைஸ் 1 என்று எழுதியிருக்கிறீர்கள். நம் கடைகளில் பள்ளி ஷூவுக்குப் போடும் அந்த எண்ணில் ஒரு சைஸ் என்பது ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது எட்டரை மில்லிமீட்டர். இரண்டு சைஸ் என்றால் 17 மில்லிமீட்டர். அந்த நீளத்தைப் பஞ்சு நிரப்பிவிட்டது என்று நினைக்கிறீர்கள். பஞ்சு முனையைத்தான் நிரப்பும். ஷூ மடியும் இடத்தை அது நகர்த்தாது.

நடக்கும்போது பாதம் மடிவது பெருவிரல் மூட்டில். குதிகாலிலிருந்து அந்த மூட்டு வரை உள்ள தூரம், பாத நீளத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு. ஷூவின் மேல்தோலில் குறுக்கே சுருக்கம் விழுந்திருக்கிறதே, அது உங்கள் மூத்த மகனுடைய மூட்டு மடிந்த இடம். பாதம் 17 மில்லிமீட்டர் குட்டையாக இருந்தால் மூட்டு 12, 13 மில்லிமீட்டர் பின்னால் வரும். ஒரு வருடம் ஓரிடத்தில் மடிந்து பழகிய தோல் இனியும் அங்கேதான் மடியும். சின்னவனுக்கு அந்த இடத்தில் இருப்பது மூட்டு அல்ல, விரல்கள். ஒவ்வோர் அடிக்கும் அந்தச் சுருக்கம் அவன் விரல்களின் மேல் இறங்கி அழுத்துகிறது. இன்று மாலை அவன் காலை மடியில் எடுத்து வைத்து, விரல்களின் மேல்பக்கம் பாருங்கள். குறுக்கே சிவப்புக் கோடோ தோல் தடித்த திட்டோ இருந்தால் அது இந்தச் சுருக்கத்தின் வேலை. பெருவிரல் நகத்தடியில் கருநீலமாக இரத்தம் கட்டியிருந்தால், கால் முன்னே வழுக்கி முனையில் இடிக்கிறது என்று பொருள்.

ஏன் வழுக்குகிறது என்பதை ஷூவின் உள்ளே பார்த்தால்தான் தெரியும். ஆம்பூர், வாணியம்பாடித் தொழிற்சாலைகளில் ஷூவின் மேல்தோலைப் பாத வடிவ அச்சு ஒன்றின் மேல் இழுத்து ஒட்டி உருவாக்குகிறார்கள். அந்த அச்சு பொதுவானது, எந்தப் பிள்ளையுடைய காலும் அல்ல. கடையை விட்டு வெளியே வந்த பிறகு, போடுகிறவனின் கால்தான் இரண்டாவது அச்சு. தினம் ஆறேழு மணி நேரம், வியர்வை ஈரம், உடம்புச் சூடு, பையனின் எடை. இவை மூன்றும் சேர்ந்து உள்ளே போட்டிருக்கும் இன்சோல் அட்டையையும் அதன் பஞ்சுப் பரப்பையும் அமுக்கிவிடுகின்றன. அமுங்கிய பஞ்சு ஓரளவுக்கு மேல் எழும்பாது. குதிகாலுக்கு ஒரு பள்ளம், மூட்டுக்கு ஒரு பள்ளம், விரல் நுனிகளுக்குச் சிறு குழிகள், நடுவே அமுங்காத மேடு என்று மூத்தவன் பாதம் அங்கே அப்படியே பதிந்துவிடும்.

இன்சோலை வெளியே எடுங்கள். ஓரத்தைத் தூக்கினால் பெரும்பாலும் கழன்று வரும். தரையில் வைத்து அதன் மேல் சின்னவனை நிற்கச் சொல்லுங்கள். குதிகால் பள்ளத்தில் அவன் குதிகால் உட்கார்ந்ததும், மற்ற எதுவும் எதிலும் பொருந்தவில்லை என்பதை உங்கள் கண்ணாலேயே பார்ப்பீர்கள். அண்ணனுடைய மூட்டுப் பள்ளம் அவனுக்குச் சற்று முன்னால் இருக்கும். அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் அவன் நிற்பான். கால் முன்னே சரியும். சரியாமல் இருக்க விரல்களை மடக்கி ஷூவைக் கவ்விப் பிடித்தபடி நடப்பான். நாள் முழுவதும் கவ்விய விரல்களைத்தான் வாசற்படியில் உட்கார்ந்து பிசைகிறான்.

புது இன்சோல் வாங்கிப் போட்டால் சரியாகிவிடுமா என்று உடனே கேட்பீர்கள். உங்கள் வீட்டு ஷூவுக்கு ஆகாது. இன்சோல் மாறினால் தரை சமமாகும். மேல்தோலின் சுருக்கம் மாறாது, பின்பக்கமும் மாறாது. குதிகாலைச் சுற்றி ஒரு விறைப்பான அட்டை உள்ளே வைத்துத் தைத்திருப்பார்கள். அதுவும் ஒருவன் நடையைப் பழகிவிடும். ஷூவைச் சமமான மேசை மேல் வைத்து, பின்னாலிருந்து கண்மட்டத்தில் பாருங்கள். நேராக நிற்காமல் உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாய்ந்தால், லேசாகத் தட்டும்போது ஆடினால், பின்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தும்போது காகிதம் போலக் குழைந்தால், அது அடுத்தவன் காலுக்கு ஆகாது. அடியில் குதிகாலின் வெளி ஓரம் கொஞ்சம் தேய்வது எல்லோருக்கும் இயல்பு. ஒரு ஷூவில் மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்தால், அந்தச் சரிவில் நிற்கும் புதுப் பிள்ளையின் கணுக்காலும் சாயும். பழைய ஷூவை விலைக்கு வாங்குகிறவர்களுக்கும் இதே சோதனைதான். மேலே பளபளப்பைப் பார்த்து ஏமாறுகிறார்கள். பாலிஷ் போட்டால் எந்த ஷூவும் பளபளக்கும்.

இனி கிருமி. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தது தவறு. தோல் விறைக்கும், உள் அட்டை ஊறி உப்பும், பசை விடும். வெயிலும் நீங்கள் நினைக்கும் வேலையைச் செய்யவில்லை. மொட்டை மாடிச் சூடு வெளித்தோலை வாட்டுகிறது; முனைக்குள் இருட்டும் ஈரமும் அப்படியே இருக்கும். விரலிடுக்கில் சேற்றுப்புண்ணை உண்டாக்கும் பூஞ்சை விரும்புவதும் அந்த இடத்தைத்தான். அதன் வித்துகள் ஷூவுக்குள் பல மாதம் உயிரோடு இருக்கும்.

ஆகவே தெளிக்கும் மருந்தைப் பற்றி யோசிக்கும் முன் மூத்தவனைக் கேளுங்கள். அந்த ஒரு வருடத்தில் விரலிடுக்கில் அரிப்பு, வெள்ளையாகத் தோல் உரிவது, உள்ளங்காலில் மரு, எவ்வளவு கழுவினாலும் போகாத நாற்றம் இவற்றில் ஏதாவது இருந்ததா? இருந்தது என்றால் அந்த ஷூ யாருக்கும் வேண்டாம். இல்லை என்றால், சரியான சைஸில் இருக்கும் ஒரு ஷூவை இப்படிக் கொடுக்கலாம்: பழைய இன்சோலைத் தூக்கி எறியுங்கள். உள்ளே முனை வரை கை விட்டு ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடையுங்கள். அது பாக்டீரியாவுக்குத்தான், பூஞ்சை வித்துக்கு அதை நம்ப முடியாது. செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, மின்விசிறிக்கடியில் நிழலில் இரண்டு நாள் காயவிடுங்கள். தாள் ஈரமானதும் மாற்றுங்கள். பிறகு மருந்துக்கடையில் கிடைக்கும் பூஞ்சைக்கான பவுடரை உள்ளே தூவி, புது இன்சோல் போடுங்கள். துணியால் ஆன கேன்வாஸ் ஷூ என்றால், கொதிக்க வைத்துச் சற்று ஆறிய வெந்நீரில் ஊறவைத்துத் துவைக்கலாம். தோல் ஷூவுக்கு அது கிடையாது. எந்த ஷூவாக இருந்தாலும் சாக்ஸ் மட்டும் ஒருவருடையது இன்னொருவருக்குப் போகக்கூடாது.

உங்கள் மாமியார் தரித்திரம் என்கிறார். அதை நான் நம்பவில்லை. ஆனாலும் அந்த வீட்டில் பிள்ளையின் காலைப் பற்றித் தினமும் பேசுகிறவர் அவர் ஒருவர்தான். அவரைப் புலம்புகிறார் என்று எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை.

அண்ணன் பொருளைத் தம்பிக்குக் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. சட்டை, புத்தகப்பை, சைக்கிள், மழைக்கோட்டு எல்லாம் கைமாறட்டும். அப்படித்தான் ஒரு குடும்பம் நடக்க வேண்டும். கல்யாணத்துக்கு இரண்டு முறை போட்டுக் கழற்றிய ஷூவும் சைஸ் பொருந்தினால் கைமாறலாம். தினமும் போட்டுத் தேய்த்த பள்ளி ஷூ மட்டும் வேண்டாம். சட்டை தொளதொளவென்று இருந்தால் பிள்ளை கூச்சப்படுவான், அவ்வளவுதான். ஷூ பொருந்தாவிட்டால், இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் எலும்பின் மேல் தினமும் அழுத்தம் விழுகிறது. சிக்கனத்தைப் பெற்றவர்கள் தங்கள் செலவில் செய்ய வேண்டும். கடைசிப் பிள்ளையின் காலில் செய்யக்கூடாது. கையில் பணம் குறைவு என்றால் தோல் ஷூவே வேண்டாம். விலை குறைந்த, ஆனால் புதிதான கேன்வாஸ் ஷூவை வாங்குங்கள். பள்ளி தடுத்தால் வகுப்பாசிரியரிடம் நீங்களே நேரில் போய்ப் பேசுங்கள்.

வாங்கப் போவது மாலையாக இருக்கட்டும். பகல் முழுவதும் நின்ற கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும். போகும் முன் சுவரில் குதிகால் ஒட்டும்படி அவனை ஒரு தாளின் மேல் நிற்கச் சொல்லி, மிக நீளமான விரல் நுனியில் கோடு போடுங்கள். இரண்டு காலுக்கும் போடுங்கள்; ஒன்று சற்று நீளமாக இருக்கும், அதையே கணக்கில் எடுங்கள். அந்த நீளத்துடன் 1 சென்டிமீட்டர் சேர்த்து, ஒரு விரல் அகலத்துக்கு அட்டைத் துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். கடையில் அதை ஷூவுக்குள் முனை வரை விடுங்கள். வளைந்தால் ஷூ சின்னது. பின்னால் அரை சென்டிமீட்டருக்கு மேல் ஓடினால் பெரியது, வளரும் பிள்ளை என்ற பேச்சை அங்கே எடுக்காதீர்கள். போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே பத்து நிமிடம் நடக்கட்டும். அப்போது அவன் வாயைக் கேட்காதீர்கள், விரல்களைப் பாருங்கள். திங்கட்கிழமை காலை அந்தப் பழைய ஷூ அவன் கண்ணில் படக்கூடாது.